Snipe-IT: லேப்டாப்புக்குக் கில்லி, யூனிஃபார்முக்குத் தலைவலி

செக்யூரிட்டி ஏஜென்சி நடத்தும் நண்பர் ஒருவர், "நீங்க வச்சிருக்கிற Snipe-IT எங்களுக்குச் சரிவருமா?" என்று கேட்டார். எந்தப் பொருள் யாரிடம் இருக்கிறது என்று கணக்கு வைக்கும் இந்த மென்பொருளை எங்கள் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்துகொண்டு பல வருடங்களாக ஓட்டுகிறேன், அதனால் பட்டதைச் சொல்கிறேன்.

லேப்டாப், டார்க் ரெஞ்ச், வெர்னியர் போன்றவற்றுக்கு இதைக் குறை சொல்லவே முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனி டேக், அதில் ஒட்ட க்யூஆர் லேபிள், எது யாரிடம் இருந்து யாருக்குப் போனது என்ற வரலாறு எல்லாம் இருக்கிறது. ஒருவர் பெயரில் ஒரு லேப்டாப் பாக்கி இருந்தாலும் அவர் கணக்கை நீக்க விடாது. வேலையை விட்டுப் போகிறவர் கொண்டுவந்து கொடுக்கும்போது சீரியல் நம்பரை ஒத்துப் பார்த்து, சார்ஜர் இல்லை என்றால் Checkin பக்கத்திலேயே குறிப்பு எழுதிவிட்டால் நோ டியூஸில் கையெழுத்துப் போடும்போது வாக்குவாதமே வராது. மொத்தமாக எல்லாவற்றையும் திரும்பப் பெற்றதாகக் காட்டும் வசதியும் உண்டு, அந்தப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். பொருள் கைக்கு வராமலே வந்ததாகப் பதிவாகிவிடும்.

யூனிஃபார்ம் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். சட்டைக்கு ஒவ்வொன்றாக டேக் போட ஆகாது. Consumables பகுதியில் போட்டால் கொடுத்தது கொடுத்ததுதான், திரும்ப வாங்குவதற்கு வழியே கிடையாது. அதனால் Accessories பகுதியில் சைஸுக்கு ஒரு பதிவாக வைத்திருக்கிறோம். உதாரணமாக, 40 சைஸ் சட்டை மொத்தம் 20, ஆட்களிடம் 17, அலமாரியில் புதுசு 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போகும்போது இரண்டு சட்டையைத் திருப்பித் தருகிறார், காலர் நைந்து, கையில் கிரீஸ் கறை. Checkin செய்தால் மீதி 5 என்று காட்டுகிறது! எல்லாம் எண்ணிக்கைதான் என்பதால் புதுசு, பழசு அதற்குத் தெரியாது. அடுத்த வாரம் சேரும் நான்கு பேருக்கு ஆளுக்கு ஒரு சட்டை இருக்கிறது என்று நம்பி ஆர்டர் போடாமல் விட்டால், நாலாவது ஆளுக்குப் புதுச் சட்டை இருக்காது.

வழி ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் வாங்கி முடித்த கையோடு அந்தப் பதிவைத் திறந்து, கழித்த இரண்டையும் மொத்தத்தில் இருந்து குறைத்து 18 ஆக்க வேண்டும். அப்போதுதான் மீதி மறுபடி 3 என்று வரும். பழசையும் கொடுப்பீர்கள் என்றால் 'பயன்படுத்தியது' என்று சைஸுக்கு இன்னொரு பதிவு. மாதக் கடைசியில் நாலைந்து பேர் சேர்ந்து விலகும்போது இதைச் செய்து பாருங்கள், எரிச்சல் தலைக்கேறும்.

நண்பரே, உங்கள் ஏஜென்சியில் லேப்டாப் மிஞ்சிப்போனால் ஐந்தாறு இருக்கும், மற்றதெல்லாம் சட்டை, பெல்ட், ஷூ, தொப்பி. நான் இதை விடமாட்டேன், ஆனால் உங்களுக்கு வேண்டாம்.