OmegaT-இல் ஆறு ஆண்டுகள்: நிதி விண்ணப்பமும் காணாமல் போன போக்குவரத்துச் செலவும்

பினாங்கில் எங்கள் வாசிப்பு வகுப்புக் குழு ஆண்டுதோறும் ஒரு நிதி நிறுவனத்துக்குக் கெர்தாஸ் கெர்ஜா என்னும் நிதி விண்ணப்பத்தை அனுப்புகிறது. கூட்டத்தில் தமிழில் பேசுகிறோம், தமிழிலேயே எழுதுகிறோம். கொடுக்க வேண்டியதோ மலாயில். அந்த வேலை என் தலையில் விழுந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. OmegaT என்னும் இலவச மொழிபெயர்ப்பு உதவி மென்பொருளில்தான் செய்கிறேன். விளக்கப் பகுதிக்கு அது நல்ல துணை. செலவு அட்டவணைக்கு மட்டும் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும்.

அது கோப்பை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துக் காட்டும். நாம் எழுதும் மொழிபெயர்ப்பை நினைவில் வைத்து, அடுத்த ஆண்டு அதே வாக்கியமோ அதன் சாயலோ வந்தால் எடுத்து நீட்டும். எண் மட்டும் உள்ள எக்செல் கட்டங்கள் திரைக்கே வருவதில்லை. ஆகவே 4,200 கை தவறி 2,400 ஆக வழியில்லை. பழைய .xls கோப்பை அது திறக்காது, முதலில் .xlsx ஆகச் சேமிக்க வேண்டும். இவ்வளவும் சுகமே.

சிக்கல் சொற்களில் இருக்கிறது. எக்செல் ஒரே சொல் பத்துக் கட்டங்களில் இருந்தாலும் அதை ஒருமுறைதான் சேமிக்கும். OmegaT-யிலும் ஒருமுறைதான் தெரியும். எங்கள் அட்டவணையில் ‘படி’ என்று இரண்டு இடங்களில் இருந்தது. தொண்டூழியர்களுக்குக் கொடுக்கும் படி ஒன்று. கதைநூல் 60 படி என்ற அலகு மற்றொன்று. நான் முதலாவதை நினைத்து, உதவித்தொகைக்கான மலாய்ச் சொல்லான ‘எலாவுன்’ என்று எழுதினேன். கதைநூல்களும் 60 எலாவுன் ஆகிவிட்டன! மென்பொருளுக்குள் இதைப் பிரிக்க வழியில்லை. மூலக் கோப்பிலேயே ஒன்றைப் ‘படித்தொகை’ என்று மாற்றினால்தான் இரண்டும் தனித்தனியாக வரும். போதாக்குறைக்கு, சொற்கள் அட்டவணையின் வரிசையில் வராமல் சேமிக்கப்பட்ட வரிசையில் வருகின்றன. பக்கத்தில் மூலக் கோப்பைத் திறந்து வைக்காமல் நான் இப்போது தொடங்குவதே இல்லை.

பெரிய அடி மூன்றாம் ஆண்டில் விழுந்தது. போக்குவரத்தில் இரண்டு வரிகள்: பஸ் வாடகை 12 முறை, முறைக்கு 350 ரிங்கிட், தொண்டூழியர் ஆறு பேருக்கு 12 முறையும் தலைக்கு 30 ரிங்கிட். மொத்தம் 6,360. கீழே தலைப்புவாரியான சுருக்கம், எங்கள் பொருளாளர் அக்கா போட்ட சூத்திரத்துடன்:

```
=SUMIF(B4:B31,"போக்குவரத்து",F4:F31)
```

மொழிபெயர்த்த கோப்பைத் திறந்து பார்த்தேன். 6,360 என்றே இருந்தது. அனுப்பிவிட்டோம். பஸ் வாடகையை 320 ஆகக் குறைக்கும்படி நிறுவனம் கேட்டது. அக்கா அந்த ஓர் எண்ணை மாற்றினார். வர வேண்டியது 6,000. உடனே என்னை அழைத்தார்: “தம்பி, போக்குவரத்துக்குப் பூஜ்யம் என்று காட்டுகிறதே, நீ எதையாவது அழித்துவிட்டாயா?”

நான் எதையும் அழிக்கவில்லை. கட்டங்களில் இருந்த ‘போக்குவரத்து’ மலாய்ச் சொல்லாக மாறிவிட்டது; சூத்திரத்துக்குள் இருந்தது தமிழிலேயே நின்றுவிட்டது. சூத்திரங்களை OmegaT தொடுவதில்லை, காட்டுவதுமில்லை. தேடிய சொல் எங்கும் இல்லாததால் கூட்டல் பூஜ்யம். முதலில் 6,360 தெரிந்ததற்குக் காரணம், எக்செல் முன்பு கணக்கிட்ட விடையையும் கோப்பில் வைத்திருப்பதுதான். கணக்கு மீண்டும் ஓடும்வரை குட்டு வெளிப்படாது.

தீர்வு ஒரு வரிதான். மேற்கோள் குறிக்குள் சொல்லை எழுதாமல், தலைப்பு இருக்கும் கட்டத்தைச் சுட்ட வேண்டும்:

```
=SUMIF(B4:B31,B36,F4:F31)
```

B36 மொழி மாறினாலும் மேலே உள்ள கட்டங்களும் சேர்ந்தே மாறும். இரண்டும் கோப்பில் ஒரே சொல்தானே.

விளைவுப் பகுதியில் தொல்லை வேறு வகை. நாங்கள் “60 குழந்தைகளுக்கு 12 வாரம் வகுப்பு நடத்தப்படும்” என்று எழுதி அதையே விளைவு என்போம். அது செய்து முடிக்கும் வேலை, மலாயில் ‘அவுட்புட்’. அவர்கள் ‘கெபெர்ஹாசிலான்’ என்று கேட்பது குழந்தைகளிடம் வரும் மாற்றத்தை: “60 பேரில் 45 பேர் ஒரு பத்தியைப் பிழையின்றி வாசிப்பார்கள்.” இரண்டு சொற்களையும் கலைச்சொல் கோப்பில் போட்டுவைத்தேன், இப்போது ‘விளைவு’ வந்தவுடன் பக்கத்தில் நினைவூட்டுகிறது. ஆனால் வாக்கியமே தவறான பெட்டியில் இருந்தால் மென்பொருள் என்ன செய்யும்? எழுதியவரிடம்தான் திருப்பிக் கேட்க வேண்டும். சென்ற ஆண்டு அந்த 45, 40 ஆக இருந்தது. நினைவகம் பழைய வாக்கியத்தை 40 உடனேயே நீட்டியது. பணித்திட்டத்தில் 45, விளைவில் 40 என்று போகவிருந்ததைக் கடைசி வாசிப்பில்தான் பிடித்தேன்.

இப்போது Ctrl+D அழுத்தி மலாய்க் கோப்பை எடுத்தவுடன், அதன் நகல் ஒன்றில் ஒவ்வொரு தலைப்பின் கீழும் ஓர் எண்ணை மாற்றிப் பார்க்கிறேன். சுருக்கத்தில் அந்தத் தலைப்பின் தொகை அதே அளவு நகர்ந்தால்தான் அக்காவுக்கு அனுப்புகிறேன்.