சேலம் வெயிலுக்கு எந்த ஜட்டி: காட்டனா, மோடலா, பாலியஸ்டர் கலப்பா?

அம்மாப்பேட்டையில் வீடு. பகலெல்லாம் பைக்கில் சுற்றும் வேலை. அவ்வப்போது ஏற்காட்டு எஸ்டேட் பக்கம் இரண்டு மூன்று நாள் தங்க வேண்டியிருக்கும். மூன்று வகைத் துணியையும் போட்டுப் பார்த்துவிட்டு இப்போது மெல்லிய காட்டனில் நிற்கிறேன். போட்டால் எவ்வளவு சுகம் என்பது எனக்கு இரண்டாவது விஷயம்தான். துவைத்து, கிருமி போக்கி, முழுசாகக் காயவைக்க எது தோதாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

வியர்வைக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். சாதாரணக் காற்றில் காட்டன் தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை, ஈரமாகத் தெரியாமலே உள்ளே வாங்கி வைத்திருக்கும். மரக்கூழில் இருந்து செய்யும் இழையான மோடல் 12 சதவீதத்தை ஒட்டி வாங்கும். பாலியஸ்டரோ அரை சதவீதம்கூட வாங்காது. 70 கிராம் எடையுள்ள ஒரு டிரங்க் ஜட்டியை எடுத்துக்கொண்டால் காட்டனில் ஐந்தாறு கிராம், மோடலில் எட்டு கிராம், பாலியஸ்டரில் அரை கிராமுக்கும் குறைவு. இதுவரைக்கும் மோடல்தான் முந்துகிறது. தொட்டால் வழுவழுவென்று இருப்பதும் அதுதான். தொடை உரசுகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

பாலியஸ்டர் கலப்புக்காரர்கள் சொல்வது வேறு கதை: எங்கள் துணி வியர்வையை வாங்காது, வெளியே கடத்திவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் கடத்தப்பட்ட வியர்வை ஆவியாக வேண்டுமானால் துணியின் வெளிப்பக்கம் காற்றுப் பட வேண்டும். விளையாட்டு பனியனுக்கு அது சரி. ஜீன்ஸுக்கு உள்ளே, பைக் சீட்டின் மேல், ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது காற்று எங்கிருந்து வரும்? வியர்வை தோலுக்கும் துணிக்கும் நடுவிலேயே தங்கிவிடுகிறது. பாலியஸ்டர் எண்ணெய்ப் பசையை நன்றாகப் பிடித்துக்கொள்வதால் துவைத்த பிறகும் வாடை போவதில்லை. காலையில் ஓட்டம், ஜிம் என்று ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றுவதற்கு அது நல்ல துணி. பகல் முழுக்கப் போட்டிருக்க நான் சொல்ல மாட்டேன்.

இனி காட்டனா, மோடலா என்பதுதான் கேள்வி. இங்கேதான் படர்தாமரை வருகிறது.

நம் ஊரில் தொடை இடுக்கில் வரும் வட்ட வட்டமான அரிப்பு பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. ஈரமும் உரசலும் அதற்குச் சாதகம். மருந்து தடவித் தோல் ஆறினாலும் உதிர்ந்த செதிலோடு பூஞ்சை துணியில் ஒட்டியிருக்கும். அதே துணியை மறுபடி போட்டால் தொற்று திரும்ப வர வாய்ப்பு உண்டு. வெறும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு அலசுவது இதற்குப் போதாது. 60 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் ஊற வேண்டும்.

வெப்பமானி இல்லாமல் இதைச் செய்ய ஒரு வழி. இரண்டு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, வாளியில் இருக்கும் இரண்டு லிட்டர் சாதாரணத் தண்ணீரோடு கலந்தால் 65 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். வாளி கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொண்டாலும் தொடங்கும்போது 60 இருக்கும். சோப்புத்தூள் போட்டு, துணியை உள்பக்கம் வெளியே திருப்பி அமுக்கி, மேலே தட்டுப் போட்டு மூடிவிடுங்கள். சூடு சீக்கிரம் இறங்கிவிட்டது என்று தோன்றினால் கொஞ்சம் கொதிநீர் சேர்க்கலாம். வீட்டில் மற்றவர்கள் துணியை இதோடு சேர்க்கக் கூடாது. சாயம் போகும் அடர் நிறத்தையும் தனியாக வையுங்கள்.

இந்தச் சூட்டை வாரா வாரம் தாங்குவது காட்டன்தான். காட்டன் நூல் நனைந்தால் பலம் கூடும், மோடல் நனைந்தால் குறையும். சூட்டில் ஊறவைத்துக் கசக்கிப் பிழிந்தால் மோடல் சீக்கிரம் முடிச்சு முடிச்சாகப் பொங்கும். மோடல் ஜட்டி பெரும்பாலும் ஸ்பாண்டெக்ஸ் கலந்துதான் வரும், அந்த இழுவை நூலுக்குச் சூடு ஆகாது. லேபிளிலும் 30, 40 டிகிரி என்றுதான் போட்டிருப்பார்கள். காட்டனை நல்ல சூட்டில் இஸ்திரியும் போடலாம்.

காட்டனின் குறை, காய நேரமாகும் என்பது. ஏப்ரல், மே மாதத்தில் சேலத்து மொட்டைமாடியில் அது ஒரு குறையே இல்லை. ஐப்பசி மழையில்தான் தெரியும். ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் இன்னும் மோசம், கொடியில் போட்டது மறுநாளும் சில்லென்றே இருக்கும். காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கையை நம்பாதீர்கள். இடுப்புப் பட்டியையும், நடுவில் இரண்டு மடிப்பாகத் தைத்த இடத்தையும் மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தட்டினால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டிவிட்டு, ஆறவைத்துப் போடுங்கள்.

அதனால் காட்டன் என்றால் எந்தக் காட்டன் என்பதும் முக்கியம். திருப்பூரில் பின்னலாடை கம்பெனியில் இருக்கும் என் மச்சான் துணியை இரண்டு கையால் இழுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "மச்சான், கனமா இருந்தா தரம்னு நினைக்காதீங்க. மெல்லிசு சிங்கிள் ஜெர்சி, கோம்ட் காட்டன், அதை வாங்குங்க. இன்டர்லாக் காயவே காயாது" என்றார். சிங்கிள் ஜெர்சி என்பது ஒற்றைப் பின்னல், இன்டர்லாக் என்பது தடிமனான இரட்டைப் பின்னல், கோம்ட் என்றால் குட்டை இழைகளைச் சீவி நீக்கிய நூல். சுமார் 150 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 150 கிராம் எடை இருக்கும் துணி எனக்குச் சரியாக இருக்கிறது. எலாஸ்டிக் இடுப்பில் மட்டும் இருந்து, உடம்புத் துணி முழுக் காட்டனாக இருந்தால் கொதிநீர்ப் பயமும் குறையும். தொடையை இறுக்கும் எலாஸ்டிக் விளிம்பு உரசும் இடத்தில்தான் அரிப்பு தொடங்கும், ஆகவே கால் கொஞ்சம் நீண்ட டிரங்க் நல்லது.

கடையில் நூலைக் கொளுத்திப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: பாலியஸ்டர் உருகிக் கெட்டி உருண்டையாகும், காட்டன் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். மோடலும் அப்படியேதான் எரியும், மரக்கூழில் இருந்து வருவதல்லவா. காட்டனா மோடலா என்று இதை வைத்துப் பிரிக்க முடியாது. அப்புறம், துவைத்த பிறகு ஊற்றும் சாஃப்ட்னர் திரவத்தை உள்ளாடைக்கு விடவே கூடாது. நூலின் மேல் படலமாகப் படிந்து, காட்டன் வியர்வை குடிப்பதைக் குறைத்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்து போல நின்றால் படலம் இருக்கிறது என்று பொருள்.

பெண்களுக்கான உள்ளாடையில் என் அனுபவம் வீட்டம்மா சொன்னதோடு சரி. வெளித்துணி எதுவாக இருந்தாலும் நடுவில் வைக்கும் மடிப்புத் துணி காட்டனாக இருக்க வேண்டும் என்பார். மகப்பேறு மருத்துவர்களும் பொதுவாக இதையே சொல்கிறார்கள். மோடலையும் நான் பல வருடம் உழைக்கவிட்டுப் பார்த்தவன் இல்லை. தொற்று எதுவும் இல்லாத, மென்மையாகத் துவைக்கிற ஒருவருக்கு அது காட்டனைவிடச் சுகமாக இருக்கலாம். அரிப்பு ஏற்கெனவே இருந்தால் எந்தத் துணியும் அதை ஆற்றாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாளில் அரிப்பை அடக்கும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்ன நாள் வரை மருந்தைத் தடவுங்கள், கொதிநீர் வாளியையும் அதுவரை நிறுத்தாதீர்கள்.