கையில் 38, நெஞ்சில் 76: இரண்டு வாட்சுடன் இரண்டரை வருஷம்

ரிட்டையர் ஆன மறுமாதமே மகள் ஒரு ஸ்மார்ட் வாட்சைக் கொண்டுவந்து கையில் கட்டிவிட்டாள். "அப்பா, இனிமே பழசைக் கழட்டி உள்ளே வெச்சுடுங்க" என்றாள். முப்பது வருஷமாகக் கட்டிய முள் வாட்ச். செல் மாற்றுவதைத் தவிர அது என்னிடம் எதுவும் கேட்டதில்லை. உள்ளே வைக்க மனசு வரவில்லை. இடது கையில் அது, வலது கையில் புதுசு என்று இரண்டையும் கட்டிக்கொண்டேன். பார்ப்பவர்கள் சிரித்தார்கள். ஆனால் இரண்டு கையிலும் வாட்ச் இருந்ததால்தான் இதை எழுத எனக்கு விஷயம் கிடைத்தது.

எனக்கு வயது 63. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரோலால் மாத்திரை சாப்பிடுகிறேன். அது இதயத் துடிப்பை வேகமெடுக்க விடாது. மேடேறினாலும் 100-ஐத் தாண்டுவது அபூர்வம். அப்படியிருக்க, முதல் வாரம் காலை நடையில் வாட்சைப் பார்த்தால் 116. மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு அடிக்கவில்லை. மறுநாளும் 115. நின்று, முள் வாட்சின் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டே மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி எண்ணினேன். 22 துடிப்பு, அதாவது நிமிஷத்துக்கு 88. (நின்றதும் துடிப்பு இறங்க ஆரம்பித்துவிடும். அதனால் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினால் கணக்கு தப்பும்.)

அப்படியென்றால் அந்த 116 எங்கிருந்து வந்தது? இன்னொரு நாள் துடிப்பை விட்டுவிட்டு என் காலடிகளை எண்ணினேன். நிமிஷத்துக்கு 116 அடி! வாட்ச் என் இதயத்தை எண்ணவில்லை, நடையை எண்ணிக்கொண்டிருந்தது.

இதற்குக் காரணம் புரிய, ஸ்மார்ட் வாட்சின் அடிப்பக்கம் மின்னும் பச்சை விளக்கு என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் வெளிச்சமும் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் வாட்ச் எண்ணுகிறது. பட்டை தளர்ந்திருந்தால் கை வீசும் ஒவ்வொரு வீச்சிலும் வாட்ச் ஆடும், வெளிச்சமும் ஆடும். அந்த ஆட்டம் நடையின் தாளத்தில் வருவதால், அதையே துடிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நின்றதும் நிஜமான துடிப்பு படிப்படியாகத்தான் இறங்கும். நின்ற சில நொடியில் 116-லிருந்து 88-க்குத் தடாலென்று விழுந்தால் அது காலடிக் கணக்கு. மணிக்கட்டு எலும்புக்கு மேலே ஒரு விரல் அகலம் தள்ளி, தோல் நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டிய பிறகு எனக்கு இந்தக் கோளாறு பெரும்பாலும் நின்றுவிட்டது. நடை முடிந்ததும் ஒரு துளை தளர்த்திவிடுவேன், இல்லாவிட்டால் அந்த இடம் அரிக்கிறது.

இதுவரை முள் வாட்ச்தான் ஜெயித்தது. நானும் மகளிடம் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேன். அந்தப் பெருமை ஒன்றரை வருஷம் நீடித்தது.

ஒரு நாள் ராத்திரி சும்மா உட்கார்ந்திருந்தபோது வலது கை அதிர்ந்தது. பத்து நிமிஷமாக இதயத் துடிப்பு 40-க்குக் கீழே என்று எச்சரிக்கை. திரையில் 38. வழக்கம்போல நொடி முள்ளைப் பார்த்து எண்ணினேன். 30 நொடிக்கு 19. மறுபடி எண்ணினேன், மறுபடியும் 19. இரண்டு வாட்சும் ஒரே பதிலைச் சொன்னதும் வயிற்றைப் பிசைந்தது. தலைசுற்றல் இல்லை, நெஞ்சு வலி இல்லை. ஆனால் அவ்வப்போது நெஞ்சுக்குள் 'தொம்' என்று ஒரு பலமான அடி. மாத்திரைதான் துடிப்பை இப்படி இறக்கிவிட்டது, நாளைக்குப் பாதியாக்கிவிடலாம் என்று நானே முடிவுகட்டினேன்.

நல்லவேளையாக, வாட்சில் இ.சி.ஜி. இருப்பது ஞாபகம் வந்தது. பக்கவாட்டுத் திருகில் மற்ற கையின் விரலை வைத்து 30 நொடி அசையாமல் இருக்க வேண்டும். இது வெளிச்சம் இல்லை, இதயத்தின் மின்சாரத்தையே பதிகிறது. முடிவு சொல்ல முடியவில்லை என்று வந்தது. எரிச்சலோடு கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒல்லியாக ஒரு முனை, ஒட்டினாற்போல அகலமாக ஒரு முனை, பிறகு ஓர் இடைவெளி. மறுபடி ஒல்லி, அகலம், இடைவெளி. எல்லா முனைகளையும் எண்ணினால் 30 நொடியில் 38. அதாவது நிமிஷத்துக்கு 76!

மறுநாள் காலை அந்தக் கோட்டை அச்செடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் ஸ்டெத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டே என் நாடியையும் பிடித்தார். "இங்கே ரெண்டு கேட்குது, கையில ஒண்ணுதான் வருது" என்றார். ஒவ்வொரு சரியான துடிப்புக்குப் பிறகும் ஒன்று முந்திக்கொண்டு வருகிறதாம். இதய அறை நிரம்பும் முன்பே சுருங்குவதால் அது தள்ளும் ரத்தம் கொஞ்சம்தான், மணிக்கட்டு வரை அலை வந்து சேர்வதில்லை. அடுத்து வரும் இடைவெளியில் அறை நன்றாக நிரம்புவதால் அதற்கடுத்த துடிப்பு பலமாக விழுகிறது. என் 'தொம்' அதுதான். பச்சை விளக்கும் சரி, என் விரலும் சரி, எண்ணுவது கைக்கு வந்து சேரும் அலையைத்தான். அதனால் இரண்டும் ஒன்றுபோல ஏமாந்திருக்கின்றன.

முழு இ.சி.ஜி., எக்கோ, ரத்தத்தில் பொட்டாசியம், ஒரு நாள் முழுக்க நெஞ்சில் ஒட்டிவைக்கும் ஹோல்டர் எல்லாம் பார்த்தார்கள். இதயத்தில் வேறு கோளாறு இல்லை, கண்காணித்தால் போதும் என்றார். மாத்திரையைப் பாதியாக்க நினைத்ததைச் சொன்னபோதுதான் கோபப்பட்டார். அதைத் திடீரென்று குறைத்தாலோ நிறுத்தினாலோ துடிப்பும் அழுத்தமும் எகிறிவிடுமாம். கூடவே இன்னொன்றும் சொன்னார். 38 என்று காட்டும்போது மயக்கமோ தலைசுற்றலோ மூச்சுத்திணறலோ இருந்தால், எண்ணிப் பார்த்துக்கொண்டு உட்காராமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். மாத்திரையால் நிஜமாகவே அவ்வளவு இறங்குவதும் உண்டு. வாட்சின் இ.சி.ஜி. மாரடைப்பைக் கண்டுபிடிக்காது, நெஞ்சு வலிக்கு அதை நம்பக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார்.

மற்ற வசதிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆழ்ந்த தூக்கம் இவ்வளவு நிமிஷம் என்பதெல்லாம் ஊகம், நான் பார்ப்பதை விட்டுவிட்டேன். ரத்த அழுத்தத்துக்கு மேல்கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் கருவிதான். ஊசி குத்தாமல் சர்க்கரை காட்டுவதாகச் சொல்லும் வாட்சை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். 2024-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ.வே அப்படி எதற்கும் அனுமதி தரவில்லை என்று எச்சரித்திருந்தது. உடற்பயிற்சி போதவில்லை என்று வாட்ச் தினமும் குறைபட்டுக்கொள்ளும். 220-இல் வயதைக் கழித்து என் உச்சத் துடிப்பு 157 என்று அது வைத்திருக்கிறது, மாத்திரை சாப்பிடுபவன் அந்தப் பக்கமே போக மாட்டான் என்பது அதற்குத் தெரியாது. விழுந்தால் மகளுக்குத் தகவல் போகும் வசதியை மட்டும் குளியலறைக்காக வைத்திருக்கிறேன். ஒருமுறை மேசையை ஓங்கித் தட்டியதற்கே "விழுந்துவிட்டீர்களா?" என்று கேட்டது.

உருப்படியாக நான் தினமும் பார்ப்பது ஓய்வுத் துடிப்பின் வாரக் கோடு ஒன்றைத்தான். எனக்கு 58-லிருந்து 62-க்குள் நிற்கும். போன முறை காய்ச்சல் வந்தபோது, உடம்பு சுடுவதற்கு முந்தின நாளே 69-க்குப் போயிருந்தது. இந்த மாதிரி மெதுவாக நகரும் கணக்கை நொடி முள்ளால் வைத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

இப்போதும் இரண்டு வாட்சும் கையில்தான். காலையில் குளிக்கும் நேரம் மட்டும் ஸ்மார்ட் வாட்ச் சார்ஜரில் கிடக்கும். குளியலறையில்தான் அது கையில் இருக்க வேண்டும் என்று மகள் கண்டுபிடித்துத் திட்டிய பிறகு, சார்ஜ் போடுவதைச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிவிட்டேன்.