சர்வர் டவுன்: கிளையண்டுக்கு எப்போ சொல்றது, எவ்வளவு சொல்றது? மூணு வழியும் ஒரு ஒப்பீடும்

சர்வீஸ் படுத்துடுச்சுன்னா எல்லா சாஃப்ட்வேர் கம்பெனிலயும் ஒரே சண்டைதான் நடக்கும். டெக் டீம் "காரணம் என்னன்னு தெரியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்"னு சொல்லும், சப்போர்ட்ல உக்காந்திருக்கறவங்க "போன் விடாம அடிக்குது, எதையாவது சொல்லித் தொலைங்க"ன்னு கத்துவாங்க, நடுவுல யாராவது ஒருத்தர் "எல்லாத்தையும் வெளிப்படையா போட்டுடலாமே"ன்னு ஆரம்பிப்பாங்க. இந்த மூணுமே நிஜமா நடந்து பார்த்த வழிகள்தான், ஒவ்வொண்ணும் எங்க போய் முடியுதுன்னு பார்த்துட்டு என் முடிவைச் சொல்றேன்.

முதல் வழி, காரணம் தெரியற வரைக்கும் வாயத் திறக்காம இருக்கறது. இதுக்கு, டீம் வேலையைப் பதிவு பண்ற ஜிரா, கான்ஃப்ளூயன்ஸ் மாதிரி சாஃப்ட்வேரை விக்கற அட்லாசியன் கம்பெனியோட கேஸை விட நல்ல பாடம் கிடைக்காது. 2022 ஏப்ரல் 5ஆம் தேதி, பழைய ஆப் ஒண்ண கஸ்டமர் சைட்டுகள்ல இருந்து எடுக்கறதுக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டினாங்க, ஆப்போட ஐடி குடுக்க வேண்டிய இடத்துல சைட்டோட ஐடி போயிடுச்சு, மொத்த சைட்டும் டெலீட். 775 கஸ்டமர்கள், சில பேருக்கு 14 நாள் வரைக்கும் ஜிரா, கான்ஃப்ளூயன்ஸ் எதுவும் இல்ல. டேட்டாவை அவங்க கிட்டத்தட்ட முழுசா மீட்டுட்டாங்க, டெக்னிக்கலா பார்த்தா அது பெரிய வேலைதான். ஆனா ஜனங்க கோவப்பட்டது டெலீட் ஆனதுக்கு மட்டும் இல்ல. சைட் போனப்போ அந்த கஸ்டமரோட காண்டாக்ட் விவரமும் சேர்ந்து போயிடுச்சு, டிக்கெட் போடலாம்னா அதுக்கு சைட் முகவரி வேணும், அந்த சைட்டே இல்ல. அதனால யார் யாருக்கு அடி விழுந்துருக்குன்னு தெரிஞ்சும் அவங்களை நேரடியா பிடிக்க முடியல. பொதுவுல எல்லாருக்கும் விரிவா ஒரு விளக்கம் வந்தது ஏப்ரல் 12ஆம் தேதிதான், அதாவது ஒரு வாரம் கழிச்சு. முழு விவரம் வரட்டும்னு காத்திருக்காம தெரிஞ்சது இது, தெரியாதது இதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கணும்னு அவங்களே அப்புறம் அறிக்கையில எழுதினாங்க.

அமைதியா இருக்கறவங்க தரப்புல ஒரு நியாயம் இருக்கு, தப்பா ஒண்ணு சொல்லிட்டு மாத்திச் சொல்றது அசிங்கம்தான். ஆனா கிளையண்ட் முதல்ல கேக்கறது காரணத்தை இல்ல. "எனக்கு மட்டும்தான் இப்படியா, இல்ல எல்லாருக்குமா?" இதுதான் முதல் கேள்வி. அதுக்கு பதில் உங்ககிட்ட அஞ்சாவது நிமிஷத்துலயே இருக்கு. அதைச் சொல்லாததால அந்த ஆள் ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு, கம்ப்யூட்டர் ரிப்பேர் பையனைக் கூப்பிட்டு, ஒரு மணி நேரத்தை வீணாக்கிட்டு அப்புறம் உங்களுக்கு போன் போடறார்.

ரெண்டாவது வழி நேர் எதிர், கதவை முழுசா தொறந்து வைக்கறது. டெவலப்பர்கள் கோடை வெச்சுக்கற சர்வீஸான கிட்லேப் 2017 ஜனவரி 31ல செஞ்சது அதுதான். ராத்திரி நேரம், ரெப்ளிகேஷன் பிரச்சினையைச் சரி பண்ணிட்டு இருந்த இன்ஜினியர் ரெண்டாவது சர்வர்ல அழிக்கறதா நினைச்சு மெயின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சுட்டார், நிறுத்தறதுக்குள்ள 300 ஜிபில 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப் எடுக்கற ஏற்பாடு பல இருந்தும் ஒவ்வொண்ணா தேடிப் போனா ஒண்ணும் கைகொடுக்கல, யதேச்சையா ஒருத்தர் ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்து வெச்சிருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. இதுல எதையும் மறைக்கல, யார் வேணும்னாலும் படிக்கற மாதிரி ஒரு டாக்குமெண்ட்ல நடக்க நடக்க எழுதினாங்க, ரெஸ்டோர் பண்றதை யூடியூப்ல லைவா காட்டினாங்க. எது போச்சு எது போகலங்கறதையும் பிரிச்சுச் சொன்னாங்க: ஆறு மணி நேரத்துல போட்ட இஷ்யூ, கமெண்ட், புது அக்கவுண்ட் மாதிரி விஷயங்கள் போச்சு, கோட் இருக்கற ரெபாசிட்டரி போகல. அப்புறம் வந்த அறிக்கையில அந்த இன்ஜினியர் பேரை எழுதாம டீம் மெம்பர் 1ன்னு போட்டாங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ஏன்னா வெளிப்படையா இருக்கறதுன்னா ஒரு ஆளைத் தூக்கி முன்னாடி நிறுத்தறதுன்னு அர்த்தம் இல்லைல்ல.

இந்த வழி கிட்லேப்புக்கு வேலை செஞ்சதுக்குக் காரணம் அவங்க கிளையண்டுகள் எல்லாம் டெவலப்பர்கள். ஸ்னாப்ஷாட்னா என்ன, ரெப்ளிகேஷன்னா என்னன்னு தெரிஞ்சவங்க. அதே டாக்குமெண்டை ஒரு மெடிக்கல் ஷாப் ஓனர்கிட்ட குடுத்தா அவருக்கு அதுல ஒண்ணே ஒண்ணுதான் புரியும், ஏதோ பெருசா போயிடுச்சுன்னு. நேர்மையா சொன்னது அவருக்குப் பீதியாத்தான் போய்ச் சேரும்.

மூணாவது வழிதான் நான் சொல்ல வர்றது: காரணத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், உள்ளே நடக்கறது அத்தனையும் கொட்டவும் வேண்டாம். எது ஓடல, எது ஓடுது, நீங்க இப்போ என்ன பண்ணணும், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. இவ்வளவுதான், ஆனா சொன்ன மணிக்கு சொன்னபடி வரணும்.

ஒரு கேஸை எடுத்துக்குவோம். நீங்க கடைகளுக்கு க்ளவுட் பில்லிங் சாஃப்ட்வேர் குடுக்கறீங்க, சனிக்கிழமை சாயங்காலம் 6:40, டேட்டாபேஸ் சர்வர்ல டிஸ்க் ஃபுல் ஆகி நின்னுடுச்சு. கடையில கூட்டம் நிக்கற நேரம். 6:50க்கு போக வேண்டிய மெசேஜ் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். 6:40ல இருந்து எங்க சர்வர்ல கோளாறு, எல்லா கடைக்கும் பில் போட முடியல. உங்க நெட், கம்ப்யூட்டர்ல பிரச்சினை இல்ல. இப்போதைக்கு கைபில் போடுங்க, நம்பர் M-1, M-2ன்னு தனியா ஆரம்பிங்க. சேவ் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்க வேண்டாம். காரணம் பார்த்துட்டு இருக்கோம். அடுத்த தகவல் 7:20க்கு அனுப்பறோம், சரி ஆகலைன்னாலும் அனுப்புவோம்."

இதுல ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கு. M-1ன்னு தனி வரிசை ஏன்னா, கடைக்காரர் கடைசி பில் 4512ன்னு பார்த்துட்டு கைபில்ல 4513ன்னு போடுவார், ஆனா சர்வர் நிக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடி 4513 உள்ளே பதிவாகியிருக்கும், அப்புறம் ஒரே நம்பர்ல ரெண்டு பில், ஜிஎஸ்டி கணக்கு பார்க்கறவர் தலைல கை வெச்சுக்குவார். ஜிஎஸ்டி விதியில ஒண்ணுக்கு மேல வரிசை வெச்சுக்க இடம் இருக்கு, அதனால தனி வரிசையில எந்தச் சிக்கலும் இல்ல, ஆடிட்டர்கிட்ட மட்டும் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வெச்சுடுங்க. சேவ் பட்டன் விஷயமும் அப்படித்தான், சர்வர் பாதி மூச்சுல இருக்கும்போது நாலு தடவை அமுக்கினா எந்திரிச்சதும் நாலு பில்லும் ஏறி ஸ்டாக் நாலு தடவை குறையும்.

இதோட பக்கத்துல வழக்கமா வர்ற மெசேஜை வெச்சுப் பாருங்க: "சில பயனாளர்களுக்கு தற்காலிக சிரமம் ஏற்பட்டுள்ளது, விரைவில் சரிசெய்யப்படும்." சில பயனாளர்கள் யாரு, என்ன சிரமம், விரைவில்னா பத்து நிமிஷமா ராத்திரியா? மொத்த கடையும் நிக்கும்போது "சில"ன்னு போட்டா அது பொய், படிக்கறவருக்கும் அது தெரியும்.

அடுத்த பெரிய வித்தியாசம், சரி ஆகற நேரத்தைச் சொல்றதா, அடுத்த தகவல் நேரத்தைச் சொல்றதாங்கறது. சரி ஆகற நேரம் உங்க கையில இல்ல. "அரை மணி நேரத்துல வந்துடும்"னு 7 மணிக்கு சொன்னீங்க, 7:30க்கு அதையே சொன்னீங்க, 8 மணிக்கு மூணாவது தடவை சொல்லும்போது நீங்க சொல்றதை யாரும் நம்ப மாட்டாங்க. அடுத்த தகவல் நேரம் முழுசா உங்க கையில இருக்கு. 7:20க்கு புதுசா சொல்ல பெருசா ஒண்ணும் இல்லைன்னாலும் "இன்னும் சரி ஆகல, டிஸ்க் நிரம்பினதுதான் காரணம்னு தெரிஞ்சுடுச்சு, இடம் கூட்டிட்டு இருக்கோம், அடுத்து 7:50"ன்னு ஒரு வரி போகணும்.

அப்படியும் நேரம் கேட்டு நச்சரிப்பாங்க, கேக்கறது நியாயமும்கூட. அப்போ எத்தனை மணிக்குள்ள வரும்னு சொல்றதை விட எத்தனை மணிக்கு முன்னாடி வராதுன்னு சொல்றது நூறு மடங்கு உபயோகம். இடம் கூட்டியும் டேட்டாபேஸ் எந்திரிக்கல, பேக்கப்ல இருந்து ஏத்தறீங்க, 50 நிமிஷத்துல 40 சதவீதம்தான் ஏறியிருக்குன்னா மிச்சத்துக்கே இன்னும் 75 நிமிஷம், அதுக்கு மேல சோதனை வேற. அப்போ "ராத்திரி 10 மணிக்கு முன்னாடி வராதுன்னு வெச்சுக்கங்க"ன்னு சொல்லிட்டா கடைக்காரர் ஒரு முடிவு எடுக்கலாம், இன்னிக்கு முழுக்க கைபில்தான்னு ஆளை உக்கார வெச்சுடுவார்.

"உங்க டேட்டா பத்திரமா இருக்கு"ங்கற வரியை மட்டும் அவசரப்பட்டு எழுதிடாதீங்க. பயத்துல எல்லாரும் முதல் மெசேஜ்லயே அதைப் போட்டுடறாங்க. சரிபார்க்காத வரைக்கும் "6:40 வரைக்கும் போட்ட பில்களைச் சரிபார்த்துட்டு இருக்கோம், முடிஞ்சதும் சொல்றோம்"தான் உண்மை. கடைசி பேக்கப் 6 மணிதுன்னா அந்த 40 நிமிஷத்து பில் போயிருக்கலாம்னு அன்னிக்கு ராத்திரியே சொல்லிடணும், கைல பிரிண்ட் இருக்கும்போதே சொன்னாத்தான் அவங்க திரும்ப ஏத்த முடியும், திங்கக்கிழமை சொன்னா அந்தக் காகிதம் குப்பைக்குப் போயிருக்கும்.

எதுல அனுப்பறதுங்கறதுல பெரிய விவாதம் வேண்டாம். ஸ்டேட்டஸ் பேஜ், வாட்ஸ்அப், எஸ்எம்எஸ் எதுவா இருந்தாலும் அது படுத்த சர்வர்மேல நிக்கக் கூடாது. 2017 பிப்ரவரி 28ல அமேசானோட க்ளவுட் ஸ்டோரேஜ் சர்வீஸான எஸ்3 படுத்தப்போ அவங்க ஸ்டேட்டஸ் பக்கத்தை மாத்தற வசதியே எஸ்3 மேல நின்னுட்டு இருந்ததால ரெண்டு மணி நேரம் அதை மாத்த முடியல, ட்விட்டர்லதான் சொல்ல வேண்டியிருந்துச்சு. கடைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்தான் சரி, யாரும் ஸ்டேட்டஸ் பேஜை தொறந்து பார்க்க மாட்டாங்க. போன் நம்பர் லிஸ்டை மட்டும் வேற இடத்துல ஒரு காப்பி வெச்சுக்கங்க, அட்லாசியன் மாட்டினது அங்கதான்.

எந்திரிச்ச உடனே "சரி ஆயிடுச்சு"ன்னு போட்டுட்டு ஓடறதும் தப்பு. மத்த கடைங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு மூணு கடையில நிஜமா பில் போட வெச்சுப் பாருங்க, அப்புறம் "10:25ல இருந்து பில் போடலாம். M வரிசை கைபில்களை நாளைக்குக் காலைல ஏத்தினா போதும், ஏத்தற வரைக்கும் ஸ்டாக் கணக்கு சரியா காட்டாது, சந்தேகம்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு அனுப்புங்க. காரணமும் மாத்தின விஷயமும் செவ்வாய்க்கிழமைக்குள்ள பத்து வரில போகட்டும், டிஸ்க் 80 சதவீதம் தாண்டினா இனிமே யாருக்கு அலாரம் போகும்ங்கறதும் அதுல இருக்கணும். பணம் கழிச்சுக் குடுக்கறதா முடிவு பண்ணினா கேக்கறவங்களுக்கு மட்டும் குடுக்காம எல்லாருக்கும் அடுத்த மாச பில்லுல நீங்களே கழிச்சுடுங்க, எவ்வளவுங்கறதை அதே மெசேஜ்ல எழுதிடுங்க.