ஊருக்குப் போனால் எந்த எண்ணெய் தேய்ப்பது, எதை வாங்கி வருவது?

மசாஜுக்குப் படுக்கும் முன் "என்ன எண்ணெய்?" என்று கேட்டுவிடுங்கள். "ஸ்பெஷல் தைலம்" என்று பதில் வந்தால் விடாதீர்கள், மூலிகைகளைக் காய்ச்சியது எந்த எண்ணெயில் என்று மறுபடி கேளுங்கள். தைலம் என்ற சொல்லே எள்ளைக் குறிக்கும் திலத்திலிருந்து வந்ததுதான். க்ஷீரபலா போன்ற பழைய தைலங்கள் நல்லெண்ணெயில் காய்ச்சப்படுபவை. எள் ஒவ்வாமை உள்ளவர் இதைக் கேட்காமல் படுக்கவே கூடாது.

டொராண்டோவிலிருந்து ஜனவரியில் கோவைக்கு வரும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்குக் குளிரிலும் ஹீட்டர் காற்றிலும் காய்ந்து செதில் உதிரும் கால்கள். பதினாறு வயது மகனுக்கு முதுகு முழுக்கப் பரு.

அம்மாவுக்கு நல்லெண்ணெய். கனமானது, இழுத்துத் தேய்க்க வழுக்கிக்கொண்டே இருக்கும். உடம்பு முழுக்க 40 முதல் 50 மில்லி போதும். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயும் நன்றாகவே கேட்கும். நல்லெண்ணெய் வாடை பிடிக்காதவர் தயங்காமல் அதற்கு மாறலாம். வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய் மட்டும் வேண்டாம், அந்த வாசனை இரண்டு குளியலுக்கும் போகாது.

மகனுக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது. துவாரங்களை அடைத்துப் பருவைக் கூட்டும் என்ற பெயர் அதற்கு உண்டு. முதுகில் ஒரே அளவில் அரிக்கும் சிறு பொரிகளாக இருந்தால் அது பருவாக இல்லாமல் ஈஸ்ட் கிருமியின் வேலையாகவும் இருக்கலாம். எண்ணெய்களில் உள்ள கொழுப்பு அமிலங்கள் அந்தக் கிருமிக்குத் தீனி. அவனுக்கு ஜொஜோபா பொருந்தும். பெயருக்குத்தான் அது எண்ணெய், உள்ளபடி திரவ மெழுகு. நம் தோல் சுரக்கும் எண்ணெயிலும் இதே வகை மெழுகு உண்டு. ஆனால் விலை அதிகம். உடம்பெல்லாம் ஊற்றுவது வீண் செலவு, முகத்துக்கு ஐந்தாறு சொட்டும் முதுகுக்கு ஒரு தேக்கரண்டியும் போதும். பரு சீழ் வைத்திருந்தால் அந்த இடத்தில் எதையும் தேய்க்க வேண்டாம். எந்த எண்ணெயானாலும் முதல் நாளே முழங்கையின் உள்மடிப்பில் ஒரு சொட்டு தடவி, மறுநாள் சிவப்போ அரிப்போ இல்லை என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது, ஊர் திரும்பும்போது பெட்டியில் வைப்பது. தவறு பெரும்பாலும் செக்குக் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. எள் ஆட்டும்போது கருப்பட்டியும் கொஞ்சம் தண்ணீரும் சேர்ப்பது நம் வழக்கம். சமையலுக்கு அது ருசி. ஆனால் ஈரமும் மண்டியும் எண்ணெயில் தங்கினால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். ஆட்டிய அன்றே வாங்கிப் போவதைவிட, சில நாள் தெளியவைத்து மேலாக வடித்ததைக் கேளுங்கள். பாட்டிலைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் மேகம்போல் கலங்கல் எழுந்தால் அது இன்னும் தெளியவில்லை.

ஆட்டிய தேதியை மூடியில் எழுதிக்கொள்ளுங்கள். செக்கு நல்லெண்ணெயைத் திறந்தபின் மூன்று நான்கு மாதத்தில் முடித்துவிடுவது நல்லது. எள்ளில் இயற்கையாகவே காப்புப் பொருள்கள் இருப்பதால்தான் அது அவ்வளவாவது தாங்குகிறது. நன்றாகக் காய்ந்த கொப்பரையில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் ஆறு மாதத்துக்கு மேலும் நிற்கும், ஈரக் கொப்பரை என்றால் அதற்கு முன்பே சோப்பு வாடை அடிக்கும். ஜொஜோபா மெழுகு என்பதால் எளிதில் கெடாது. இருட்டில் வைத்தால் இரண்டு வருடம் வரும்.

ஐந்து லிட்டர் கேன் வாங்குவதுதான் பெரிய தப்பு. எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்று கூடும், கெடுவதும் அதே வேகத்தில் கூடும். ஒரு லிட்டர் வாங்கி, ஈரமில்லாத நான்கு 250 மில்லி பாட்டில்களில் கழுத்துவரை நிரப்புங்கள். ஒன்றை மட்டும் வெளியே வைத்து மற்றதை ஃப்ரிட்ஜில் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், பெட்டியில்தான் போடவேண்டும்.

கனடா வீட்டில் தேங்காய் எண்ணெய் உறைந்து போனால் கெட்டுவிட்டது என்று கொட்டாதீர்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது கட்டியாகும், அவ்வளவுதான். தேவையானதை மட்டும் ஈரமில்லாத கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் உருக்குங்கள். பாட்டில் முழுவதையும் தினமும் சூடாக்கினால் ஆயுள் குறையும்.

கெட்டதை மூக்கு சொல்லிவிடும். நல்லெண்ணெய் பழைய பெயின்ட்போல நாறும், கையில் பிசுபிசுக்கும். சந்தேகமிருந்தால் ஒரு சொட்டை நாக்கில் வையுங்கள், தொண்டை காறினால் அதைத் தோலுக்கும் தடவாதீர்கள். கெட்டதோடு புதிதைக் கலந்து சரிக்கட்ட முடியாது, புதியதும் சேர்ந்து கெடும். ஜொஜோபாவை நல்லெண்ணெயில் கலந்தாலும் கலவையின் ஆயுள் நல்லெண்ணெயின் ஆயுள்தான்.