பதினான்கு மாதம் இயர்பட்ஸில் பேசிய பிறகு: மைக் பற்றி மட்டும்

பாட்டு கேட்பதில் இந்த இயர்பட்ஸ் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. பதினான்கு மாதமாகத் தினமும் இரண்டு மணி நேரமாவது காதில் இருக்கிறது, சார்ஜும் நன்றாக நிற்கிறது. குறையெல்லாம் நான் பேசும்போதுதான். என் குரல் எதிர்முனைக்கு எப்படிப் போகிறது என்பது எனக்குக் கேட்காது, அவர்கள் சொன்னால்தான் தெரியும்.

முதலில் சொன்னது அம்மா. சிங்கப்பூரில் பொங்கோல் எல்ஆர்டி ரயில் மேடையில் நின்று தஞ்சாவூருக்கு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தேன். "ஏம்ப்பா, பைக்ல போய்க்கிட்டே பேசுறியா? ஒரே காத்தா இரையுது" என்றார். அங்கே சட்டைக் காலர் லேசாக ஆடும் அளவுக்குத்தான் காற்று. சில மாதம் கழித்து வீட்டுக் கூடத்தில், காற்றாடிகூட ஓடாதபோது, மனைவியிடம் போனில் சீனி தீர்ந்துவிட்டது என்றேன். அவருக்குத் "தீனி" என்று கேட்டிருக்கிறது. போர்வைக்குள் இருந்து பேசுவது போல இருக்கிறது என்றார்.

இரண்டும் ஒரே கோளாறு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது தவறு.

காற்றுச் சத்தம் என்பது வெளியே இருக்கும் ஒலியை மைக் பிடிப்பதல்ல. மைக் துளையின் விளிம்பில் காற்று மோதிச் சுழல்கிறது. அந்த அழுத்தம் மைக்கின் சவ்வை நேராகத் தட்டுவதுதான் இரைச்சலாகப் போகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மைக் வைத்திருப்பதே, வாயிலிருந்து வரும் குரல் இரண்டையும் ஒரு சிறு நேர வித்தியாசத்தில் எட்டும் என்பதை வைத்துக் குரலைப் பிரித்தெடுக்கத்தான். காற்றோ இரண்டு துளையிலும் தொடர்பே இல்லாமல் மோதுகிறது, அதனால் அந்தக் கணக்கு குழம்பிவிடுகிறது. அப்புறம் மென்பொருள் இரைச்சலை வெட்டப் பார்க்கிறது, கூடவே குரலின் அடிப்பகுதியும் போய்விடுகிறது. தண்டு நீண்ட வகையில் மைக் வாய்க்குக் கொஞ்சம் பக்கமாக வரும். என்னுடையது காதுக்குள் அடங்கும் குட்டை வகை, அதனால் பாதிப்பு கூடுதல்.

மேடையில் எனக்கு உதவியது ஒன்றுதான். காற்று வரும் பக்கத்து பட்ஸைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மறுபக்கத்தை மட்டும் போட்டுக்கொண்டு பேசுவது. தலையே தடுப்பாக நிற்கிறது. அம்மா உடனே "இப்ப நல்லா கேக்குது" என்றார். துளைமேல் டேப் ஒட்டிப் பார்த்தேன், அது குரலையும் சேர்த்து அடைத்துவிட்டது.

வீட்டில் குரல் அமுங்கியதற்குக் காரணம் வேறு. மடிக்கணினியில் சூம் செயலியின் அமைப்பில் மைக் சோதனை இருக்கிறது, பேசினால் பதிவு செய்து திருப்பிப் போட்டுக் காட்டும். ஒரு நேரத்தில் ஒரு பட்ஸை மட்டும் போட்டு, "சாயங்காலம் சீக்கிரம் சீனி வாங்கி வா" என்று சொல்லிப் பார்த்தேன். சகரத்தின் சீறல் மேல் அதிர்வெண்களில் இருப்பதால் முதலில் அடிபடுவது அதுதான். நடுவில் மைக் துளையை நகத்தால் மெல்லச் சுரண்டினேன். பதிவில் அந்தக் கரகரப்பு கேட்டால்தான் நாம் சோதிப்பது அந்த மைக் என்று உறுதி. இல்லாவிட்டால் மடிக்கணினியின் மைக்கைச் சோதித்துவிட்டு ஏமாந்துபோவோம்.

இடது தெளிவு, வலது மங்கல். டார்ச் அடித்துப் பார்த்தால் வலது துளையின் வலைமேல் வெள்ளைப் படலம். காலை ஓட்டத்தின் வியர்வையும் சன்ஸ்கிரீனும் காய்ந்து ஒட்டியிருந்தது. துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் தேய்த்தேன், அப்போதுதான் தூள் உள்ளே போகாது. ஊசி போட்டால் வலை கிழியும், தண்ணீர் பட்டால் அழுக்கு உள்ளே இறங்கும். முக்கால்வாசி தெளிவு திரும்பியது. அதற்கு முன்பே சேவை நிலையத்துக்குப் போயிருந்தேன், அவர்கள் பாட்டு ஓடவிட்டுப் பார்த்து நன்றாகத்தானே இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். நீங்கள் போனால் பதிவைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எவ்வளவு துடைத்தாலும் மாறாத ஒன்றும் உண்டு. பட்ஸின் மைக்கைத் திறந்த உடனே, வழக்கமான புளூடூத், பாட்டுக்கான வழியை விட்டு அழைப்புக்கான வழிக்கு மாறிவிடும். பழைய முறையில் குரல் விநாடிக்கு 8,000 மாதிரிகள், கொஞ்சம் புதியதில் 16,000. 8,000 என்றால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் போகாது, சகரத்தின் பெரும்பகுதி அங்கேயே போச்சு. அதனால் அலுவலகக் கூட்டங்களில் மைக்காக மடிக்கணினியையும், ஸ்பீக்கராக மட்டும் பட்ஸையும் தேர்ந்தெடுக்கிறேன். என் குரலும் தெளிவாகப் போகிறது, அவர்கள் குரலும் எனக்கு முழுத் தரத்தில் வருகிறது.

அடுத்தது வாங்கும்போது, கடையின் மேசைக் காற்றாடியை முதல் வேகத்தில் பக்கவாட்டில் ஓடவிட்டு மனைவிக்கு அழைத்து, அதே வாக்கியத்தைத்தான் சொல்லப்போகிறேன்.