கொட்டேஷனில் இருந்த '1:1'ஐ நம்பி ஒரு வருடம் மாட்டிக்கொண்டேன்

பிரவுசிங் சென்டரோ, ஜெராக்ஸ் கடையோடு சேர்ந்த இ-சேவை மையமோ நடத்துகிறவர்கள் நமக்கு மட்டும் என்று ஒதுக்கித் தரும் லீஸ்டு லைன் எடுக்கும் யோசனையில் இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் போட்ட பிறகுதான் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன்.

என் கடையில் 14 சிஸ்டம். சாதாரண நாளில் பழைய பிராட்பேண்டே போதும். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தின் கடைசி நாள், பத்தாம் வகுப்பு ரிசல்ட் நாள் என்று வந்தால்தான் வினை. வாசல் வரை கூட்டம் நிற்கும், போட்டோவும் கையெழுத்தும் அப்லோடு ஆகாமல் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் லீஸ்டு லைன் எடுக்கலாம் என்று மூன்று இடங்களில் கொட்டேஷன் கேட்டேன். கேட்ட விதத்திலேயே கோட்டை விட்டேன். "10 எம்பிபிஎஸ் லீஸ்டு லைனுக்கு என்ன ரேட்?" என்று ஒரே வரியில் மெயில் அனுப்பியிருந்தேன்.

முதல் கம்பெனி 10 எம்பிபிஎஸ், 1:1 அதாவது வேகத்தில் யாரோடும் பங்கில்லை, லைன் உயிரோடு இருக்கும் நேரமான அப்டைம் 99.5 சதவீதம், மாதம் 14,000 ரூபாய் என்றது. இரண்டாவது எங்கள் பகுதியிலேயே இருக்கும் ஆள். அதே 10, அதே 1:1, அப்டைம் மட்டும் 99.9, வாடகை 6,500. மூன்றாவது கம்பெனியிலிருந்து வந்தவர், "சார், உங்களுக்கு லீஸ்டு லைனே வேண்டாம். 50 எம்பிபிஎஸ் பிசினஸ் பிராட்பேண்டு, 1:8, மாதம் 3,200" என்றார். ஒரு வேகத்தை எட்டுப் பேர் பங்குபோடுவதா என்று அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மூன்று பேரில் உள்ளதை உள்ளபடி சொன்னவர் அவர்தான்.

இரண்டாவது ஆளிடமே எடுத்தேன். இணைப்புக் கட்டணம் 12,000, ஒரு வருட லாக்-இன். இடையில் விட்டால் மீதி மாத வாடகையைக் கட்ட வேண்டும்.

முதல் இரண்டு வாரம் பிரச்சினை இல்லை. அப்புறம் கவனித்தேன், தினமும் மாலை ஆறரைக்கு மேல் இழுக்க ஆரம்பிக்கும், இரவு பத்துக்கு மேல் சரியாகிவிடும். போன் செய்தால், "ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்கள் அண்ணாச்சி" என்பார்கள். போட்டால் 9.6 காட்டும், நானும் வாயை மூடிக்கொள்வேன். சூட்சுமம் அங்கேதான் இருந்தது. ஸ்பீடு டெஸ்ட் வெப்சைட் தானாகவே அருகில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுக்கும். எனக்குத் தேர்ந்தெடுத்தது அவர்கள் ஆபீசிலேயே வைத்திருந்த சர்வரை. அதாவது என் கடையிலிருந்து தெருமுனை வரை ரோடு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வரை மாற்றி, சென்னையில் வேறொரு கம்பெனியுடையதைத் தேர்ந்தெடுத்ததும் 1.7க்கு இறங்கியது.

அப்புறம் காலையிலும் மாலையிலும் இதைப் போட்டுப் பார்த்தேன்.

```
tracert 8.8.8.8
ping -t 8.8.8.8
```

tracert காட்டுவதில் முதல் வரி என் ரவுட்டர், இரண்டாவது அவர்கள் ஆபீஸ். அதுவரை எப்போதும் 3 மில்லிசெகண்டுதான். காலையில் கடைசி வரை 20ஐத் தாண்டாது. மாலையில் மூன்றாவது வரியிலேயே 160க்குத் தாவி, அதற்குக் கீழே வரும் எல்லா வரியிலும் அப்படியே நிற்கும். இதில் ஒரு விஷயம், நடுவில் ஏதோ ஒரு வரி மட்டும் அதிகமாகக் காட்டி அடுத்த வரியில் குறைந்துவிட்டால் அது கோளாறு இல்லை. அந்த ரவுட்டர் பிங்குக்கு மெதுவாகப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான். ஏறினது இறங்காமல் கடைசி வரை போனால்தான் அந்த இடத்தில் நெரிசல்.

ஒருநாள் ஒயர் மாற்ற வந்த தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். "மேல் கம்பெனியிடம் 100 எம்பிதான் அண்ணே எடுத்திருக்கோம். கனெக்ஷன் எண்பது இருக்கும்" என்றான். ஆளுக்குப் பத்து என்று வைத்தாலும் 800. நூறில் எண்ணூறு ஓடுகிறது என்றால் அது 1:8. வீட்டுக்கு வந்து கொட்டேஷனைத் திரும்பப் படித்தேன். 1:1 என்பதன் அருகில் சின்ன எழுத்தில் "லாஸ்ட் மைல் வரை" என்று போட்டிருந்தது. கடையிலிருந்து அவர்கள் ஆபீஸ் வரைதான் 1:1. அதற்கு அந்தப் பக்கம் ஊரோடு பங்கு. 1:8இல் எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் பத்தில் எனக்கு மிஞ்சுவது 1.25. நான் உட்காரச் சொல்லாமல் அனுப்பியவரின் 50இல் அதே கணக்கில் 6.25 மிஞ்சியிருக்கும், அதுவும் பாதி விலையில்.

உண்மையில் முதல் நாளே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ரவுட்டரில் `PPPoE` என்று தேர்ந்தெடுத்து யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தார்கள். லீஸ்டு லைனுக்குப் பொதுவாக நிலையான பப்ளிக் ஐபி தந்து நேரடியாகப் போட்டுவிடுவார்கள். எனக்கு வந்த ஐபி `100.64` என்று தொடங்கியது. அது பல வாடிக்கையாளர்களை ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னால் நிறுத்துவதற்கென்று ஒதுக்கிய வரிசை. அவர்கள் பிராட்பேண்டுக்கு லீஸ்டு லைன் என்று பெயர் மட்டும் மாற்றியிருந்தார்கள்.

99.9க்கு வருகிறேன். மாதக் கணக்கில் பார்த்தால் 43 நிமிடம் வரை லைன் படுத்துக்கிடக்கலாம். வருடக் கணக்கில் எட்டே முக்கால் மணி நேரம். ஒப்பந்தத்தில் இருந்தது வருடக் கணக்கு. அதாவது ஒரு ரிசல்ட் நாள் முழுக்கப் படுத்துவிட்டாலும் வாக்கு மீறியதாக ஆகாது. அளப்பதும் என் கடையில் இல்லை, அவர்கள் ஆபீஸ் கருவியில். சாக்கடை தோண்டியவர்கள் ஃபைபரை அறுத்து இரண்டு நாள் லைன் செத்துக் கிடந்தபோது, அது வெளியார் செய்த சேதம், கணக்கில் வராது என்றார்கள். வந்திருந்தாலும் இரண்டு நாள் வாடகை 433 ரூபாய்தான் கழிந்திருக்கும். அதையும் ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால்தான். முதல் கம்பெனியின் 99.5 பார்க்கக் குறைவு, ஆனால் அது மாதக் கணக்கில், கடையில் லைன் வந்து சேரும் போர்ட்டில் அளப்பது என்று பின்னால் தெரிந்தது. மாதத்துக்கு 3.6 மணி நேரம், ஃபைபர் அறுந்தாலும் கணக்கில் சேரும்.

லாக்-இன் முடிந்ததும் மறுபடி கொட்டேஷன் கேட்டேன். இந்த முறை ஒரு பக்கம் எழுதினேன். 1:1 என்றால் உங்கள் மேல் கம்பெனியின் கேட்வே வரையா என்று எழுத்தில் வேண்டும். மூன்று நாள், மாலை ஏழு முதல் ஒன்பது வரை, சென்னையில் உங்களுக்குச் சம்பந்தமில்லாத சர்வரில் டவுன்லோடு, அப்லோடு இரண்டும் பார்த்த பிறகுதான் பில் தொடங்கும். அப்டைம் என் போர்ட்டில், மாதக் கணக்கில். தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் அபராதமில்லாமல் விலகுவேன்.

என்னை மாட்டிவிட்ட அந்த இரண்டாவது ஆளுக்கும் அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. பதில் தந்தவர்களில் 1:8காரர் இருந்தார். அவரிடம் ஒரு லைன், வேறொரு கம்பெனியில் ஒரு லைன் எடுத்து இரண்டு லைன் போடும் ரவுட்டரில் மாட்டிவிட்டேன். இரண்டு ஃபைபரும் ஒரே ஈபி கம்பத்தில் வருகிறதா என்று பார்க்கச் சொன்னது அவர்தான். வந்துகொண்டிருந்தது. ஒன்றைப் பின்தெரு வழியாக இழுக்க வைத்தேன்.